தவறான ஜிஎஸ்டி எண்ணில் பில் போட்டுவிட்டால்: மேலாளருக்கு அன்றே எழுத வேண்டிய மின்னஞ்சல்

பில்லிங் பிரிவில் புதிதாகச் சேர்பவர்கள் முதல் வாரத்திலேயே தெரிந்துகொள்ள வேண்டிய விதி ஒன்று உண்டு. இ-இன்வாய்ஸ் ஒன்றை அரசின் பதிவுத் தளத்தில் ரத்து செய்ய வேண்டுமானால், அது உருவான நேரத்திலிருந்து 24 மணி நேரத்துக்குள் செய்துவிட வேண்டும். சரக்கு வண்டியோடு போக வேண்டிய இ-வே பில்லுக்கும் அதே 24 மணி நேரம்தான். அதற்குள் தவறு தெரிந்து, மேலாளருக்குச் சொல்லி, அனுமதி பெற்று ரத்து செய்தால் அரை மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். அந்த நேரம் கடந்துவிட்டால் அதே தவறு கிரெடிட் நோட், வாடிக்கையாளரின் கணக்கர், ஆடிட்டர் என்று பல கைகளுக்குப் போய் வாரக்கணக்கில் இழுக்கும். தவறு செய்தவர் அதை மேலாளரிடம் எப்போது ஒப்புக்கொள்கிறார் என்பதைப் பொறுத்தே செலவும் அலைச்சலும் அமைகின்றன. ஆகவே இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு வகைத் தவறை எடுத்துக்கொண்டு, அது கண்ணில் பட்ட நிமிடத்திலிருந்து மின்னஞ்சல் போய்ச் சேர்ந்து விஷயம் முடியும் வரை என்னென்ன செய்ய வேண்டும் என்று வரிசையாகப் பார்க்கலாம்.

எடுத்துக்காட்டு இது. கோயம்புத்தூரில் மோட்டார் பம்பு உதிரிபாகங்கள் செய்யும் ஒரு நிறுவனம். அதன் வாடிக்கையாளர் ஒருவருக்கு ஓசூரில் ஒரு கிளையும் பெங்களூருவில் ஒரு கிளையும் இருக்கின்றன. நிறுவனம் ஒன்றேயானாலும் மாநிலத்துக்குத் தனிப் பதிவு வேண்டும் என்பதால் இரண்டு ஜிஎஸ்டி எண்கள்: ஓசூர் கிளையின் எண் 33 என்றும், பெங்களூரு கிளையின் எண் 29 என்றும் தொடங்கும். திங்கட்கிழமை காலை 11.10 மணிக்கு நீங்கள் பெங்களூரு கிளைக்குப் போட வேண்டிய பில்லை ஓசூர் கிளையின் லெட்ஜரில் போட்டுவிட்டீர்கள். 11.25 மணிக்கு இ-வே பில்லும் எடுத்தாயிற்று. பில்லின் பிரதியும் வாடிக்கையாளருக்கு மின்னஞ்சலில் போய்விட்டது. மாலை 4.40 மணிக்கு அன்றைய பில்களைப் பர்ச்சேஸ் ஆர்டர்களோடு சேர்த்துக் கோப்பில் வைக்கும்போதுதான், ஆர்டரில் 29 என்றும் பில்லில் 33 என்றும் இருப்பது கண்ணில் படுகிறது. சரக்கு லாரியில் ஏறிக்கொண்டிருக்கிறது. வண்டி இரவு 7 மணிக்குக் கிளம்பும்.

பொருளின் மதிப்பு 2,40,000 ரூபாய், வரி 18 சதவீதம், அதாவது 43,200 ரூபாய், மொத்தம் 2,83,200 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். தவறான பில்லில் மத்திய ஜிஎஸ்டி 21,600, மாநில ஜிஎஸ்டி 21,600 என்று இரண்டு வரிகளாக இருக்கும். பெங்களூரு வேறு மாநிலம் என்பதால் சரியான பில்லில் ஐஜிஎஸ்டி 43,200 என்று ஒரே வரியாக இருக்க வேண்டும். கூட்டுத்தொகை இரண்டிலும் ஒன்றே என்பதால்தான் இந்தத் தவறு எளிதில் பிடிபடுவதில்லை. ஓசூர் எண்ணும் உண்மையான, நடப்பில் உள்ள எண் என்பதால் பதிவுத் தளமும் எந்த எச்சரிக்கையும் காட்டாமல் ஏற்றுக்கொள்ளும். புதியவர்கள் பலர், தொகை சரியாகத்தானே இருக்கிறது, மாத முடிவில் சரிசெய்துகொள்ளலாம் என்று நினைத்துவிடுவதும் இதனால்தான். ஆனால் வரி போய்ச்சேரும் மாநிலம் மாறியிருக்கிறது. சரக்கை வாங்காத கிளையின் கணக்கில் உள்ளீட்டு வரி வரவாகப் போகிறது. பெங்களூருக்குப் போகும் வண்டியில் ஓசூர் முகவரி போட்ட காகிதங்கள் இருக்கின்றன.

முதலில் வண்டி, பிறகு விவரம்

தவறு தெரிந்ததும் முதலில் செய்ய வேண்டியது மின்னஞ்சல் எழுதுவதன்று. உங்கள் அதிகாரத்துக்கு உட்பட்டு, கூடுதல் சேதம் நடக்காமல் தடுக்கக்கூடிய ஒரு செயல் இருக்கிறதா என்று பார்த்து அதைச் செய்ய வேண்டும். இங்கே அது டிஸ்பாட்ச் பிரிவுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு. "0457-ஆம் பில்லில் ஒரு திருத்தம் இருக்கிறதுங்க, நான் சொல்லும்வரை வண்டியை விடாதீங்க, டிரைவர் கையில் கொடுத்த பேப்பர்களை வாங்கி வைச்சிருங்க" என்று சொன்னால் போதும். வண்டியை ஒரு மணி நேரம் நிறுத்திவைக்கச் சொல்வது பில்லிங் பிரிவு வழக்கமாகச் செய்யும் வேலை. அதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. வண்டி அப்படியே கிளம்பி ஓசூரைத் தாண்டிக் கர்நாடக எல்லைக்குள் போனபின் சோதனைக்கு நிறுத்தப்பட்டால், காகிதத்தில் உள்ள இடமும் வண்டி போகும் இடமும் வேறுவேறாக இருக்கும். சிஜிஎஸ்டி சட்டத்தின் 129-ஆம் பிரிவின்படி சரக்கைத் தடுத்துவைக்கவும், வரியைப் போல இரு மடங்கு அபராதம் கேட்கவும் அதிகாரிக்கு இடமுண்டு. இந்தப் பில்லுக்கு அது 86,400 ரூபாய்.

அதே வேளையில், பில்லை நீங்களாகவே ரத்து செய்துவிடக் கூடாது என்பதையும் வலியுறுத்திச் சொல்ல விரும்புகிறேன். கடவுச்சொல் உங்களிடம் இருக்கலாம். இரண்டு நிமிட வேலையாகவும் இருக்கலாம். ஆனால் பில்லின் பிரதி வாடிக்கையாளருக்கு ஏற்கெனவே போயிருக்கிறது. அவர்கள் அதைத் தங்கள் கணக்கில் ஏற்றியிருக்கக்கூடும். ரத்து செய்த பில் எண்ணை மறுபடியும் பயன்படுத்த முடியாது என்பதால் உங்கள் வரிசையில் ஒரு எண் விடுபடும்; மாதக் கணக்குத் தாக்கலில் அது ரத்தான ஆவணமாகக் காட்டப்பட வேண்டும். மேலாளருக்குத் தெரியாமல் செய்த திருத்தம் பின்னர் அவர் கண்ணில் படும்போது, அது ஒரு தவறை மறைக்கச் செய்ததுபோலவே தோன்றும். சேதத்தைத் தடுத்து நிறுத்துவது உங்கள் வேலை. பதிவை மாற்றுவதற்கு ஒப்புதல் தருவது அவர் வேலை. இந்த எல்லையை எல்லா வகைத் தவறுகளிலும் கடைப்பிடிப்பது நல்லது.

வண்டி நின்றதும், கால் மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளாமல் விவரங்களைத் திரட்டுங்கள். பில்லின் தலைப்பகுதியில் `Ack Date` என்று ஒரு நேரம் அச்சாகியிருக்கும். 24 மணி நேரக் கணக்கு அதிலிருந்துதான் தொடங்குகிறது, டாலியில் நீங்கள் பில்லைச் சேமித்த நேரத்திலிருந்து அல்ல. அந்த நேரத்தையும் இ-வே பில் எடுத்த நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். பர்ச்சேஸ் ஆர்டரைத் திறந்து, பில் போட வேண்டிய முகவரியும் சரக்கு இறங்க வேண்டிய முகவரியும் இரண்டுமே பெங்களூருதானா என்று பாருங்கள். சில ஆர்டர்களில் பில் ஒரு கிளைக்கும் சரக்கு இன்னொரு கிளைக்கும் போகும்படி கேட்டிருப்பார்கள், அப்படியானால் நீங்கள் தவறு என்று நினைத்தது தவறாகவே இல்லாமலும் போகலாம். பிறகு, இதே வாடிக்கையாளருக்கு இதற்குமுன் போட்ட பில்களைத் திறந்து, இதே குழப்பம் வேறு எதிலாவது நடந்திருக்கிறதா என்று பாருங்கள். மேலாளர் கேட்கப்போகும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்: "இது ஒண்ணுதானா, இன்னும் இருக்கா?" நேரம் இல்லாமல் இந்த மாதப் பில்களை மட்டுமே பார்க்க முடிந்தது என்றால், மின்னஞ்சலில் அதை அப்படியே சொல்ல வேண்டும்.

தொலைபேசியா, மின்னஞ்சலா

மணி 5 ஆகிறது, வண்டி 7 மணிக்குக் கிளம்ப வேண்டும் என்னும்போது, மின்னஞ்சலை அனுப்பிவிட்டு அவர் எப்போது பார்ப்பார் என்று காத்திருப்பது பயன் தராது. அவர் அறையில் இருந்தால் நேரில் போங்கள். வெளியில் இருந்தால் அழையுங்கள். பேச்சு மூன்று வாக்கியங்களைத் தாண்ட வேண்டாம்: "சார், 0457 பில்லை ஓசூர் கிளைக்குப் போட்டுட்டேன், பெங்களூருக்குப் போட்டிருக்கணும். வண்டியை நிறுத்தச் சொல்லிட்டேன். விவரம் மெயிலில் அனுப்பியிருக்கேன், ரத்து செய்ய உங்க ஓகே வேணும்." இதைச் சொல்லும் நேரத்தில் மின்னஞ்சல் உண்மையிலேயே போயிருக்க வேண்டும், அல்லது அனுப்பும் நிலையில் தயாராக இருக்க வேண்டும்.

நேரில் சொல்லிவிட்டால் மின்னஞ்சல் எதற்கு என்று கேட்கலாம். ரத்து செய்வதற்கான ஒப்புதல் எழுத்தில் இருக்க வேண்டும் என்பது முதல் காரணம். ஆடிட்டர் ஆறு மாதம் கழித்து அந்த விடுபட்ட எண்ணைப் பற்றிக் கேட்கும்போது, அந்த ஒரு மின்னஞ்சலே எல்லோருக்கும் பதிலாக அமையும். மேலாளர் தனக்கு மேலே உள்ளவரிடம் சொல்ல வேண்டியிருந்தால் அதை அப்படியே முன்னனுப்பலாம் என்பது இன்னொரு காரணம். ஆகவே உங்கள் மேலாளர் மட்டுமல்லாமல், இந்த விவரம் எதுவும் தெரியாத மூன்றாவது ஒருவரும் படித்துப் புரிந்துகொள்ளும்படி அதை எழுத வேண்டும்.

பெறுநர் இடத்தில் உங்கள் நேரடி மேலாளர் மட்டும் இருக்கட்டும். டிஸ்பாட்ச், விற்பனைப் பிரிவு, பொது மேலாளர் என்று எல்லோரையும் நகலில் சேர்ப்பது நேர்மையாகத் தோன்றலாம். ஆனால் அது, விஷயத்தை யாரிடம் எப்படிச் சொல்வது என்று தீர்மானிக்கும் உரிமையை மேலாளரிடமிருந்து எடுத்துவிடுகிறது. வாடிக்கையாளரை நகலில் சேர்க்கவே கூடாது.

மின்னஞ்சல்

நம் அலுவலகங்களில் இத்தகைய மின்னஞ்சல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் எழுதப்படுகின்றன. எந்த மொழியில் எழுதினாலும் செய்திகளின் வரிசை மாறாது என்பதால், முழு மின்னஞ்சலையும் தமிழிலேயே தருகிறேன்.

> பொருள்: பில் 0457 தவறான கிளைக்குப் போடப்பட்டது – இன்று மாலை 6 மணிக்குள் ரத்து செய்ய உங்கள் ஒப்புதல் தேவை
>
> வணக்கம் சார்,
>
> இன்று காலை 11.10 மணிக்குப் போட்ட 0457-ஆம் பில்லில், வாடிக்கையாளரின் பெங்களூரு கிளைக்குப் பதிலாக ஓசூர் கிளையின் லெட்ஜரை நான் தேர்ந்தெடுத்துவிட்டேன். இது என்னுடைய தவறு. பர்ச்சேஸ் ஆர்டரில் பில் முகவரி, சரக்கு முகவரி இரண்டுமே பெங்களூருதான். மாலை 4.40 மணிக்குக் கோப்பில் வைக்கும்போது கவனித்தேன்.
>
> பில் மதிப்பு ரூ. 2,40,000, வரி ரூ. 43,200. ஐஜிஎஸ்டி வர வேண்டிய இடத்தில் மத்திய, மாநில ஜிஎஸ்டி வந்துள்ளது. மொத்தத் தொகையில் மாற்றம் இல்லை. இ-வே பில்லிலும் ஓசூர் முகவரியே உள்ளது. பில்லின் பிரதி 11.40 மணிக்கு வாடிக்கையாளருக்கு மின்னஞ்சலில் போயிருக்கிறது. அவர்கள் அதைக் கணக்கில் ஏற்றிவிட்டார்களா என்பது இன்னும் தெரியவில்லை.
>
> வண்டி கிளம்பவில்லை. டிஸ்பாட்ச்சில் சொல்லி நிறுத்திவைத்திருக்கிறேன். டிரைவரிடம் இருந்த காகிதங்களையும் திரும்ப வாங்கியாயிற்று. இதே வாடிக்கையாளருக்கு இந்த மாதம் போட்ட மற்ற பில்களைப் பார்த்துவிட்டேன், அவை சரியாக உள்ளன. முந்தைய மாதங்களின் பில்களை நாளை மதியத்துக்குள் பார்த்துச் சொல்கிறேன்.
>
> நீங்கள் ஒப்புதல் தந்தால், இ-வே பில்லையும் பிறகு இ-இன்வாய்ஸையும் ரத்து செய்துவிட்டு, பெங்களூரு கிளையின் பெயரில் புதிய எண்ணில் பில்லும் இ-வே பில்லும் எடுத்துவிடுகிறேன். இதற்கு அரை மணி நேரம் ஆகும். 6 மணிக்குள் தொடங்கினால் வண்டி வழக்கமான நேரத்திலேயே கிளம்பலாம். இ-இன்வாய்ஸை ரத்து செய்ய நாளை காலை 11.10 வரைதான் நேரம் இருக்கிறது. வாடிக்கையாளருக்கு அனுப்ப வேண்டிய தகவலின் வரைவை இணைத்திருக்கிறேன்; நீங்கள் பார்த்தபிறகு அனுப்புகிறேன்.
>
> இரண்டு கிளைகளின் லெட்ஜர்களும் டாலியில் ஒரே பெயரில் இருக்கின்றன. பட்டியலில் முதலில் வந்ததைத் தேர்ந்தெடுத்துவிட்டேன், எண்ணைச் சரிபார்க்கவில்லை. இனி இது நடக்காமலிருக்க, லெட்ஜர் பெயரோடு ஊரையும் மாநில எண்ணையும் சேர்க்கலாம் என்று நினைக்கிறேன். பெயர் மாற்றும் அனுமதி எனக்கு இல்லாததால் உங்கள் முடிவு தேவை. நாளை முதல், இ-இன்வாய்ஸ் எடுப்பதற்கு முன் ஆர்டரிலும் பில்லிலும் உள்ள ஜிஎஸ்டி எண்ணின் முதல் இரண்டு இலக்கங்களை ஒப்பிட்டு, ஆர்டர் பிரதியில் டிக் செய்து கையெழுத்திடுகிறேன். இதுபோல ஒன்றுக்கு மேற்பட்ட எண்கள் உள்ள வாடிக்கையாளர்களின் பட்டியலைப் புதன்கிழமைக்குள் தருகிறேன்.
>
> இப்படிக்கு,
> பில்லிங் பிரிவு

இந்த மின்னஞ்சலின் பொருள் வரியைப் பாருங்கள். "ஒரு சிறிய பிரச்சினை" என்றோ "அவசரம்" என்றோ எழுதியிருந்தால், கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் மேலாளர் அதைப் பிறகு பார்க்கலாம் என்று தள்ளிவைத்துவிடக்கூடும். என்ன நடந்தது, அவரிடமிருந்து என்ன வேண்டும், எத்தனை மணிக்குள் வேண்டும் என்ற மூன்றும் பொருள் வரியிலேயே இருப்பதால், கைப்பேசியின் திரையில் அறிவிப்பாக வந்ததைப் படித்தவுடனேயே அவரால் "செய்யுங்கள்" என்று பதில் அனுப்ப முடியும். நேரம் 6 மணி என்று குறிப்பிட்டிருப்பதையும் கவனியுங்கள். சட்டம் தரும் கடைசி நேரம் மறுநாள் காலை 11.10. ஆனால் வண்டிக்கு உள்ள கடைசி நேரம் அதற்கு முன்பே வருகிறது. முடிவு எடுக்க வேண்டியவருக்கு எது முன்னால் வருகிறதோ அதைத்தான் பொருள் வரியில் சொல்ல வேண்டும்.

அடுத்து, தவறை ஒப்புக்கொள்ளும் வாக்கியம். அது முதல் பத்தியில், "நான்" என்று சொல்லி, ஒரே ஒரு முறை வருகிறது. அலுவலகங்களில் வழக்கமாக எழுதுவது "பில் தவறாகப் போய்விட்டது", "சிஸ்டத்தில் மாறி வந்துவிட்டது" என்ற பாணியில் இருக்கும். அப்படி எழுதினால், மென்பொருளில் கோளாறா, தகவல் தந்தவரின் பிழையா என்று மேலாளர் திரும்பக் கேட்க வேண்டியிருக்கும். அந்தக் கேள்வியிலும் பதிலிலும் அரை மணி நேரம் போய்விடும். "ஓசூர் கிளையின் லெட்ஜரை நான் தேர்ந்தெடுத்துவிட்டேன்" என்பது பணிவுக்காக எழுதப்பட்ட வாக்கியமன்று. எங்கே திருத்த வேண்டும் என்று காட்டும் தகவல். அதேபோல மன்னிப்பை ஒவ்வொரு பத்தியிலும் திரும்பத் திரும்பக் கேட்பதும் வேண்டாம். படிப்பவர் உங்களைத் தேற்ற வேண்டிய நிலைக்கு ஆளாகிவிடுவார். அவருக்கு அந்த நேரத்தில் வேண்டியது பில் எண்ணும் மணியும்தான்.

தெரியாததைத் தெரியாது என்று எழுதிய இரண்டு இடங்கள்தான் இந்த மின்னஞ்சலிலேயே எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகின்றன. வாடிக்கையாளர் பில்லைக் கணக்கில் ஏற்றிவிட்டாரா என்பது தெரியவில்லை. முந்தைய மாதப் பில்கள் பார்க்கப்படவில்லை. இவற்றை விட்டுவிட்டு "மற்ற எல்லாம் சரியாக உள்ளன" என்று எழுதினால் மின்னஞ்சல் அழகாகத்தான் இருக்கும். ஆனால் அடுத்த வாரம் இன்னொரு தவறான பில் அகப்பட்டால், முதல் மின்னஞ்சலில் சொன்ன ஒவ்வொன்றையும் மேலாளர் சந்தேகிக்கத் தொடங்குவார். பார்த்தது எவ்வளவு, பார்க்க வேண்டியது எவ்வளவு, எப்போது பார்த்து முடிப்பீர்கள் என்று பிரித்து எழுதினால், அந்த மின்னஞ்சலை நம்பி அவர் தன் மேலிடத்துக்குப் பதில் சொல்ல முடியும்.

அபராதத் தொகையை மின்னஞ்சலில் நான் சேர்க்கவில்லை. வண்டி நின்றுவிட்ட பிறகு அது நடக்கப்போவதில்லை. 86,400 ரூபாய் என்ற எண்ணைப் போட்டால் படிப்பவரின் கவனம் முழுவதும் அங்கேயே போய்விடும். வண்டி ஏற்கெனவே கிளம்பிவிட்டிருந்தால் நிலைமை வேறு. அப்போது அந்த அபாயத்தையும், வண்டி இப்போது எங்கே இருக்கிறது என்பதையும் இரண்டாம் பத்தியிலேயே எழுதியாக வேண்டும்.

தடுப்பு: "இனி கவனமாக இருப்பேன்" போதாது

பெரும்பாலான புதியவர்களின் மின்னஞ்சல் "இனி இப்படி நடக்காமல் கவனமாக இருக்கிறேன்" என்று முடியும். அவர்கள் அதை மனதாரத்தான் எழுதுகிறார்கள். ஆனால் அன்று காலையிலும் அவர்கள் கவனக்குறைவாக இருக்க நினைத்து உட்காரவில்லை. ஒரே பெயரில் இரண்டு லெட்ஜர்கள் இருக்கும்வரை, ஒரு நாளைக்கு நாற்பது ஐம்பது பில் போடும் யாரும் என்றாவது ஒருநாள் தவறானதைத் தேர்ந்தெடுப்பார். ஆகவே தவறு எந்த இடத்தில் நுழைந்ததோ அந்த இடத்தை மாற்றும் யோசனை ஒன்றாவது மின்னஞ்சலில் இருக்க வேண்டும். லெட்ஜரின் பெயரை "பெங்களூரு 29", "ஓசூர் 33" என்று முடியும்படி மாற்றுவது அத்தகையது. நீங்கள் வேலையை விட்டுப் போனபிறகும், உங்கள் இடத்துக்கு வருபவரையும் அது காப்பாற்றும்.

இரண்டாவது யோசனையான டிக் செய்து கையெழுத்திடுவது, பெயர் மாற்றம் நடக்கும்வரை உடனே கைக்கொள்ளக்கூடிய ஏற்பாடு. முழுப் பதினைந்து இலக்கத்தையும் ஒப்பிடுகிறேன் என்று எழுதாதீர்கள்; வேலை நெருக்கும் நாளில் அதை யாரும் செய்யமாட்டார்கள், செய்யாமல் டிக் மட்டும் விழும். முதல் இரண்டு இலக்கம் மாநிலத்தைக் குறிப்பதால், இந்த வகைத் தவறைப் பிடிக்க அவை இரண்டுமே போதும். ஒரே மாநிலத்துக்குள் ஒரு நிறுவனத்துக்கு இரண்டு பதிவுகள் இருந்தால் இந்தச் சோதனை அதைப் பிடிக்காது என்பதையும் தெரிந்துவைத்திருங்கள். அங்கே பதின்மூன்றாவது இடத்தில் உள்ள எழுத்தையோ எண்ணையோ பார்க்க வேண்டும்.

பட்டியல் தருவதாகச் சொன்னது பெரிய வேலையாகத் தோன்றலாம். ஜிஎஸ்டி எண்ணில் மூன்றாவதிலிருந்து பன்னிரண்டாவது வரையுள்ள பத்து எழுத்துகள் அந்த நிறுவனத்தின் பான் எண். கிளை எந்த மாநிலத்தில் இருந்தாலும் இந்தப் பத்தும் மாறாது. லெட்ஜர் பட்டியலை டாலியிலிருந்து எக்செலுக்கு எடுத்து, ஜிஎஸ்டி எண்கள் A நெடுவரிசையில் இரண்டாம் வரியிலிருந்து தொடங்குமாறு வைத்துக்கொண்டு, B2, C2 ஆகிய கட்டங்களில் முறையே இவற்றை எழுதிக் கீழே இழுத்தால் போதும்:

```
=MID(A2,3,10)
=COUNTIF(B:B,B2)
```

C நெடுவரிசையில் 2 அல்லது அதற்கு மேல் வருபவை எல்லாம் இந்தக் குழப்பத்துக்கு இடம்தரும் வாடிக்கையாளர்கள். எண் இல்லாத வெற்றுக் கட்டங்களை மட்டும் முதலில் நீக்கிவிடுங்கள். ஒரே லெட்ஜர் தவறுதலாக இரண்டு முறை உருவாக்கப்பட்டிருந்தாலும் இதில் தெரிந்துவிடும்.

24 மணி நேரம் கடந்த பிறகு தெரிந்தால்

வெள்ளிக்கிழமைதான் கண்ணில் பட்டது, சரக்கும் பெங்களூருவில் இறங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் அன்றே எழுத வேண்டும். எழுதும் விதத்தில்தான் சில மாற்றங்கள். தளத்தில் ரத்து செய்யும் வழி மூடிவிட்டது என்பதை முதல் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள். இனி உள்ள வழிகளை ஒரு பரிந்துரையாக மட்டும் வையுங்கள்: தவறான பில்லின் முழுத் தொகைக்கும் ஓசூர் கிளையின் பெயரில் கிரெடிட் நோட் போட்டுவிட்டு பெங்களூருக்குப் புதிய பில் போடுவது ஒரு வழி; மாதக் கணக்குத் தாக்கலான ஜிஎஸ்டிஆர்-1 படிவத்தில் திருத்துவது இன்னொரு வழி. எந்த வழியானாலும் வாடிக்கையாளர் தரப்பும் அதற்கேற்பத் தன் கணக்கை மாற்ற வேண்டியிருப்பதால், அந்த முடிவை மேலாளரும் ஆடிட்டரும் சேர்ந்துதான் எடுப்பார்கள். நீங்கள் எழுத வேண்டிய கடைசித் தேதியும் மாறுகிறது. மாதந்தோறும் தாக்கல் செய்யும் நிறுவனங்களுக்கு ஜிஎஸ்டிஆர்-1 அடுத்த மாதம் 11-ஆம் தேதிக்குள் போக வேண்டும். 14-ஆம் தேதி வாடிக்கையாளரின் உள்ளீட்டு வரிப் பட்டியல் உருவாகிவிடும். அதற்குமுன் சரிசெய்யாவிட்டால், சரக்கே வராத ஓசூர் கிளையின் பட்டியலில் இந்த 43,200 ரூபாய் வந்து நிற்கும், பெங்களூரு கிளையோ தனக்கு உரிய வரவு எங்கே என்று கேட்டுப் பணத்தை நிறுத்திவைக்கும்.

தாமதமாகத் தெரிந்ததற்கான காரணத்தையும் ஒரு வாக்கியத்தில் சொல்லுங்கள். அன்றன்றைய பில்களை ஆர்டரோடு ஒப்பிட்டு வைக்காமல் வாரக் கடைசியில் மொத்தமாக வைத்தது காரணமென்றால், அதுவும் தடுப்புப் பகுதியில் மாற வேண்டிய ஒன்று. திங்கட்கிழமையே தெரிந்தும் சொல்லத் தயங்கியிருந்தால், அதையும் மறைக்காமல் எழுதிவிடுவதே நல்லது. தவறு எப்போது கண்டுபிடிக்கப்பட்டது என்ற கேள்வி எப்படியும் வரும்.

ஒப்புதல் வந்த பிறகு

ரத்து செய்யும் வரிசையை மாற்றாதீர்கள். நடப்பில் உள்ள இ-வே பில் ஒன்று இணைந்திருக்கும்வரை தளம் இ-இன்வாய்ஸை ரத்து செய்ய விடாது. ஆகவே இ-வே பில்தான் முதலில். வழியில் அதிகாரி ஒருவர் ஏற்கெனவே சரிபார்த்த இ-வே பில்லை ரத்து செய்ய முடியாது என்பதும் வண்டியை முதலிலேயே நிறுத்தச் சொன்னதற்கு ஒரு காரணம். இ-இன்வாய்ஸை ரத்து செய்யும்போது கேட்கப்படும் காரணங்களில் `Data entry mistake` என்பதைத் தேர்ந்தெடுங்கள். புதிய பில்லில் ஐஜிஎஸ்டி ஒரே வரியாக வந்திருக்கிறதா, முகவரி பெங்களூருதானா என்று அச்செடுக்கும் முன் பாருங்கள். பழைய அச்சுப் பிரதிகளின் மேல் "ரத்து" என்று எழுதிக் கோப்பில் வையுங்கள். டிரைவர் கையில் பழையது ஒன்றும் புதியது ஒன்றும் சேர்ந்து போய்விடுவது அடிக்கடி நடக்கிறது.

எல்லாம் முடிந்ததும் அதே மின்னஞ்சல் தொடரில் பதிலாக, புதிய பில் எண், புதிய இ-வே பில் எண், வண்டி கிளம்பிய நேரம் ஆகியவற்றை இரண்டு வரியில் எழுதி அனுப்புங்கள். மறுநாள் மதியம், முந்தைய மாதப் பில்களைப் பார்த்து முடித்ததும், கிடைத்ததை அதே தொடரில் சேருங்கள்; எதுவும் அகப்படவில்லை என்றாலும் எத்தனை மாதப் பில்களைப் பார்த்தீர்கள் என்று எழுதுங்கள். பிறகு அந்த மாத ஜிஎஸ்டிஆர்-1 தயாராகும் நாளில், 0457 ரத்தான ஆவணமாகவும் புதிய எண் பெங்களூரு கிளையின் எண்ணிலும் வந்திருக்கின்றனவா என்று ஒருமுறை திறந்து பார்த்து, தாக்கல் செய்பவரிடம் சொல்லிவிட்டுத் தொடரை மூடுங்கள்.